வளர்ற பிள்ளைக்கு எந்த பேஸ்பால் கிளவுஸ்? செகண்ட் பேஸிலிருந்து கேட்சர் மிட் வரை

பள்ளிச் சீருடை தைக்கும்போது "வளர்ற பிள்ளை, ரெண்டு இன்ச் கூட வச்சே தைங்க" என்று டெய்லரிடம் சொல்லிப் பழகியவர்கள் நாம். அமெரிக்காவுக்கு வந்து, பிள்ளையை ஊர் பேஸ்பால் லீக்கில் சேர்த்துவிட்டு கிளவுஸ் வாங்கப் போகும்போதும் அதே கணக்கைத்தான் போடுகிறோம். நியூ ஜெர்சியில் எங்கள் ஊர் லீக்கில் உதவிப் பயிற்சியாளராக நிற்கிறேன். ஒவ்வொரு சீசன் தொடக்கத்திலும் பன்னிரண்டு வயதுப் பையன் யாராவது பெரியவர்களுக்கான 12.5 இன்ச் கிளவுஸோடு வந்து நிற்பான். பந்து கிளவுஸுக்குள் போகும். போன பந்தை அவன் தேடிக்கொண்டிருப்பான். அதற்குள் ரன்னர் பேஸில் நின்றுகொண்டு சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டிருப்பான்.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்கு முதலில் ஒரு விஷயம் விளங்க வேண்டும். கிரிக்கெட்டில் பந்தைப் பிடிக்க நிற்பவர்களில் விக்கெட் கீப்பருக்கு மட்டும்தான் கிளவுஸ். பேஸ்பாலில் களத்தில் நிற்கும் ஒன்பது பேருக்கும் உண்டு, ஆனால் ஒன்பதும் ஒரே சாமான் இல்லை. ஒவ்வொரு இடத்துக்கும் நீளம் வேறு, குழியின் ஆழம் வேறு, வெப்பின் பின்னல் வேறு. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தோல்வாரால் பின்னிய பகுதியைத்தான் வெப் என்கிறார்கள். பந்து போய் உட்காரும் குழி, பாக்கெட்.

இடத்துக்கு இடம் இந்த வேறுபாடு ஏன் என்பதற்கு முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது. பந்தைப் பிடித்தபின் அதை எவ்வளவு சீக்கிரம் வெளியே எடுக்க வேண்டும்? இந்தக் கேள்விக்கு, இரண்டாம் மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப்பின் பதிலும், தூரத்தில் வெளியே நிற்கும் சென்டர் ஃபீல்டரின் பதிலும் நேர் எதிர். கடைக்காரர் சொல்லும் இன்ச் பெரும்பாலும் இதிலிருந்து பிறந்த கணக்குத்தான்.

இன்ச்சை எங்கிருந்து எங்கே அளக்கிறார்கள் என்பதையும் பார்த்துவிடலாம். சாதாரண கிளவுஸில் ஆள்காட்டி விரலின் உச்சியில் டேப்பை வைத்து, பாக்கெட்டின் உள்பக்க வளைவு வழியாகவே இறக்கி, உள்ளங்கைக்குக் கீழே ஹீல் என்கிற தடித்த அடிப்பகுதி வரை அளக்கிறார்கள். வளைவு எப்படி இருக்கிறதோ அதைப் பொறுத்து அளவும் மாறும் என்பதால், இரண்டு கம்பெனிகளின் 11.5 அருகருகே வைத்தால் ஒரே உயரத்தில் இருக்காது. அதனால் முத்திரையில் உள்ள எண்ணை வைத்துக் கால் இன்ச்சுக்காகச் சண்டை போடுவதில் அர்த்தமில்லை. அரை இன்ச் வித்தியாசம் என்றால் யோசிக்க வேண்டும்.

இன்ஃபீல்ட் என்னும் உள்வட்டம்: அவசரம் பிடித்த கைகள்

செகண்ட் பேஸும் ஷார்ட்ஸ்டாப்பும் நிற்கும் இடத்தில், ஒரே பந்தில் இரண்டு பேரை அவுட் ஆக்கும் டபுள் பிளே எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால் சின்ன கிளவுஸின் அருமை தெரிந்துவிடும். முதல் பேஸில் ஒரு ரன்னர் இருக்கிறார். அடித்த பந்து தரையில் உருண்டு ஷார்ட்ஸ்டாப்பிடம் வருகிறது. அவர் எடுத்து இரண்டாம் பேஸுக்கு வீசுகிறார். செகண்ட் பேஸ்மேன் ஓடி வந்து பேஸை மிதித்தபடியே அதை வாங்கி, பாய்ந்து வரும் ரன்னர் காலில் மாட்டிக்கொள்ளாமல் உடம்பைத் திருப்பி, முதல் பேஸுக்கு எறிய வேண்டும். மேஜர் லீக் மைதானத்தில் பேஸுக்குப் பேஸ் 90 அடி. வலக்கை பேட்ஸ்மேன் அடித்துவிட்டு முதல் பேஸுக்கு ஓடிச் சேர எடுத்துக்கொள்வது சராசரியாகச் சுமார் 4.3 நொடி. மேலே சொன்ன எல்லாமே அதற்குள் முடிந்தாக வேண்டும்.

இந்த 4.3 நொடியில் செகண்ட் பேஸ்மேனுக்குச் சொந்தமானது பந்து கிளவுஸில் பட்டதிலிருந்து கை மாறும் வரையான சின்ன இடைவெளி மட்டும்தான். நல்ல செகண்ட் பேஸ்மேன்களைக் கூர்ந்து கவனித்தால், அவர்கள் பந்தைப் பிடிப்பதே இல்லையோ என்று தோன்றும். கிளவுஸை மூடுவதற்குமுன்பே எறியும் கை பக்கத்தில் வந்து காத்திருக்கும். பந்து உள்ளங்கைப் பக்கம் பட்டு அப்படியே அந்தக் கைக்கு நழுவும். இதற்கு வேண்டியது ஆழமில்லாத, அகலமாக விரிந்து நிற்கும் பாக்கெட். பேஸ்பாலின் விட்டமே 3 இன்ச்சுக்குச் சற்றுக் குறைவுதான். பந்து முழுதாக உள்ளே புதைந்துவிடுகிற கிளவுஸில் விரல் போய்த் தையலைத் தேடிப் பிடிப்பதற்குள் காரியம் கெட்டுவிடும்.

ஆகவே பெரியவர்களுக்கு செகண்ட் பேஸில் 11.25 முதல் 11.5 இன்ச் வரை. ஷார்ட்ஸ்டாப் இரண்டு பக்கமும் ஓடி எட்டிப் பிடிக்க வேண்டியிருப்பதால் 11.5 முதல் 11.75. இந்த இரண்டு இடத்துக்கும் பலரும் எடுப்பது ஐ-வெப். நடுவே நிமிர்ந்து நிற்கும் ஒரு தோல் பட்டை, மேலும் கீழும் குறுக்குப் பட்டை, பக்கங்களில் திறப்பு என்று இருக்கும். தரையிலிருந்து பந்தை அள்ளும்போது கூடவே வரும் மண் அந்தத் திறப்பு வழியாகக் கொட்டிவிடும். எடையும் குறைவு.

மூன்றாம் பேஸும் உள்வட்டம்தான், ஆனால் வேலை கொஞ்சம் மாறுகிறது. வலக்கை பேட்ஸ்மேன் இழுத்து அடிக்கும் பந்து இங்கேதான் பாயும். காலை நகர்த்த நேரம் இருக்காது, கையை நீட்டிப் பந்தை எப்படியாவது நிறுத்திவிட்டால் போதும். பிறகு முதல் பேஸ் வரைக்கும் குறுக்கே சுமார் 127 அடி எறிய வேண்டும். அதனால் 11.75 முதல் 12, கொஞ்சம் ஆழமான பாக்கெட், வேகப் பந்துக்கு வளைந்து கொடுக்காத எச்-வெப். பந்து வீசும் பிட்சரும் ஏறத்தாழ இதே அளவுதான் போடுகிறார். அவருடைய கவலை வேறு: கிளவுஸுக்குள் பந்தை எந்தப் பிடியில் பிடித்திருக்கிறார் என்று பேட்ஸ்மேன் பார்த்துவிடக் கூடாது. ஐ-வெப்பின் இடைவெளி அதைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், முழுக்க மூடிய பின்னலைத்தான் எடுப்பார். நிறத்துக்கும் அவருக்கு மட்டும் தனி விதி உண்டு. ஓரப் பட்டையைத் தவிர, பிட்சரின் கிளவுஸ் வெள்ளையாகவோ சாம்பல் நிறமாகவோ இருக்கக் கூடாது.

இப்படிப் பின்னிய வெப் ஒரு பிட்சரின் யோசனைதான். செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியின் பில் டோக் 1919-20 வாக்கில் ராலிங்ஸ் கம்பெனியிடம் போய், கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தோல்வாரைப் பின்னி ஒரு குழி வைக்கச் சொன்னார். அதுவரை கிளவுஸ் என்பது அடிபடாமல் கையைக் காக்கும் தலையணை மாதிரி. பந்து விழுந்தது உள்ளங்கையில். அதற்குப் பிறகுதான் பந்தைப் பிடிக்கும் இடம் உள்ளங்கையைவிட்டு மேலே ஏறியது. இன்று இடத்துக்கு ஒரு கிளவுஸ் என்று நாம் தலையைப் பிய்த்துக்கொள்வதற்கு அவரும் ஒரு காரணம்.

அவுட்ஃபீல்டுக்கு நீளம் ஏன்

வெளியே நிற்பவருக்கு எல்லாம் தலைகீழ். பறந்து வரும் பந்தை நோக்கி முழு வேகத்தில் ஓடுகிறார், கடைசி அடியில் கையை நீட்டுகிறார். அங்கே அரை இன்ச் கூடுதல் தோல் இருந்தால் அவுட், இல்லாவிட்டால் பந்து விரல் நுனியில் பட்டு எல்லைச் சுவர் வரைக்கும் ஓடும். பந்து பாதி வெளியே, பாதி உள்ளே என்று வெப்பின் உச்சியில் ஒட்டிக்கொண்டு நிற்கும் கேட்சுக்கு ஸ்நோ கோன் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அப்படி ஒரு கேட்ச் பிடித்தவரிடம் கேட்டால் கால் இன்ச்சின் மதிப்பைச் சொல்வார்.

பந்து ஆழமாகப் புதைந்தால் எடுக்க நேரமாகாதா? ஆகும், ஆனால் அவுட்ஃபீல்டருக்கு அது நஷ்டம் இல்லை. இருநூறு முந்நூறு அடி எறிய வேண்டும் என்றால் எப்படியும் இரண்டு மூன்று எட்டு வைத்து உடம்பைத் தயார்ப்படுத்தித்தான் எறிய முடியும். அந்த எட்டுகள் வைக்கும் நேரத்தில் கை தானாகப் பந்தைக் கண்டுபிடித்துவிடும். அதனால்தான் 12.5 முதல் 12.75 வரை என்று நீளமாகப் போகிறார்கள். மேஜர் லீக் விதியில் 13 இன்ச்தான் உச்சம். வெப் பெரும்பாலும் ட்ராபீஸ் அல்லது எச்-வெப். ஆழமாகப் பிடித்துக்கொள்ளும், வெயில் கண்ணில் அடிக்கும்போது கிளவுஸை முகத்துக்கு நேரே பிடித்து இடைவெளி வழியாகப் பந்தைப் பார்க்கவும் உதவும்.

இன்னொரு சின்ன வித்தை அவுட்ஃபீல்டர்களிடம் அதிகம் பார்க்கலாம். சுண்டு விரலும் மோதிர விரலும் இரண்டும் கிளவுஸின் சுண்டு விரல் அறைக்குள் போகும், மற்ற விரல்கள் ஒவ்வொரு அறை நகர்ந்துகொள்ளும், ஆள்காட்டி விரல் அறை காலியாகிவிடும். பந்து வந்து மோதும் இடத்துக்குப் பின்னால் விரலே இல்லை என்பதால் வலிக்காது, பாக்கெட்டும் ஆழமாகும். பன்னிரண்டு வயதுப் பையன் தானாக இதைச் செய்தால் தடுக்க வேண்டாம். ஆனால் செய்தே ஆக வேண்டும் என்று கற்றுக்கொடுக்கவும் வேண்டாம்.

முதல் பேஸுக்கு உள்ள மிட் தனி வகை. விரல்கள் தனித்தனியாக இருக்காது, 12 முதல் 13 இன்ச், அள்ளுகரண்டி போன்ற வளைந்த ஓரம். மற்றவர்கள் அவசரத்தில் எறிந்து தரையில் குத்தி வரும் பந்துகளை மண்ணோடு சேர்த்து வாரி எடுக்க அது. விதிப்படி முதல் பேஸ்மேன் மட்டும்தான் அதைப் போட்டுக்கொண்டு ஆடலாம். அவரே சாதாரண கிளவுஸோடு ஆடவும் தடையில்லை என்பதால், பிள்ளை அங்கேயே நிலையாக நிற்கப் போகிறான் என்று தெரியும் வரை இதில் காசு போட வேண்டியதில்லை.

கேட்சர் மிட்டின் வேறு கணக்கு

ஆன்லைனில் தேடுகிறவர்களை அதிகம் குழப்புவது இதுதான். பையனின் கிளவுஸ் 11.5, பேட்ஸ்மேனுக்குப் பின்னால் இருந்து பந்தைப் பிடிக்கும் கேட்சருக்கு அதே வயதுக்கு என்று போட்டிருக்கும் மிட் 32.5. மூன்று மடங்கு பெரிதா? இல்லை. கேட்சர் மிட்டை நீளத்தில் அளப்பதில்லை, வெளி ஓரத்தைச் சுற்றி டேப் பிடித்துச் சுற்றளவில் அளக்கிறார்கள். பெரியவர்களுக்கு 33 முதல் 34 வரை, பத்து முதல் பதின்மூன்று வயது வரை 32 அல்லது 32.5 என்பது வழக்கம்.

மிட்டில் விரல்களுக்குத் தனித்தனி உறை கிடையாது. ஓரம் முழுக்கத் தடித்த பஞ்சு, நடுவில் ஆழமான வட்டக் குழி. ஒரு ஆட்டத்தில் பிட்சர் வீசும் பந்தில் பெரும்பகுதி கேட்சர் கைக்குத்தான் வரும். ஆட்டத்துக்கு நூற்றுக்குமேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பந்தின் எடை 5 அவுன்ஸுக்குச் சற்று மேல், அதாவது நூற்று நாற்பது கிராம் சொச்சம். வேகமாக வீசப்படும் அதை மெலிந்த இன்ஃபீல்ட் கிளவுஸில் ஒரு ஆட்டம் முழுக்க வாங்கினால் ஆள்காட்டி விரலின் அடி வீங்கிவிடும். கிளவுஸும் கெட்டுப்போகும்: விரிந்து நிற்க வேண்டிய பாக்கெட் பந்தின் அடியால் ஆழமாகக் குழிந்து, செகண்ட் பேஸுக்குத் திரும்பும்போது பந்தை விடாமல் பிடித்துக்கொள்ளும்.

இந்தத் தடிப்புக்கு விலை உண்டு. மிட் விறைப்பாக இருக்கும். பந்து ஓரத்தில் பட்டால் தெறித்துவிடும். சரியான இடம் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே, வெப்பின் அடியில். அங்கே விழுந்தால் பட்டென்று ஒரு சத்தம் வரும், மைதானத்தின் அந்தக் கோடி வரைக்கும் கேட்கும். உள்ளங்கையில் விழுந்தால் சத்தம் மந்தமாக இருக்கும், கையும் எரியும். பையன் சரியாகப் பிடிக்கிறானா என்று பார்க்க எனக்குக் கண்ணே வேண்டாம், காது போதும்.

பெரிய மிட் நல்லதுதானே, பந்து தவறாதே என்று தோன்றும். அந்த யோசனையை ஒருவர் எல்லை வரைக்கும் கொண்டுபோய்ப் பார்த்தார். பால்டிமோர் ஓரியோல்ஸ் அணியில் ஹோய்ட் வில்ஹெல்ம் என்ற பிட்சர் நக்கிள்பால் வீசுவார். சுழலாமல் மிதந்து வந்து கடைசி நொடியில் எந்தப் பக்கம் போகும் என்று அவருக்கே தெரியாத பந்து அது. கேட்சர்கள் கையைவிட்டு அது நழுவிக்கொண்டே இருக்க, மேலாளர் பால் ரிச்சர்ட்ஸ் 1960-இல் பூதாகரமான ஒரு மிட்டைச் செய்து கொடுத்தார். பந்து தவறுவது குறையத்தான் செய்தது. ஆனால் பிடித்த பந்தை அந்தப் பெரிய குழியிலிருந்து தோண்டி எடுத்து, பிட்சர் வீசும்போதே அடுத்த பேஸுக்கு ஓடிப் பேஸ் திருடும் ரன்னரை நோக்கி எறிவது கஷ்டமாகிவிட்டது. இப்போது விதி கேட்சர் மிட்டின் சுற்றளவை 38 இன்ச்சுக்குள் கட்டிப்போட்டிருக்கிறது. அவ்வளவு பெரியதை இன்று யாரும் விரும்பிப் போடுவதும் இல்லை. ஸ்ட்ரைக் எல்லையின் ஓரத்தில் வரும் பந்தை அம்பயர் கண்ணுக்கு உள்ளே வந்ததாகக் காட்ட, கையை நுணுக்கமாக நிறுத்த வேண்டும். கனமான மிட் மணிக்கட்டைக் கீழே இழுத்துவிடும். மேஜர் லீக் கேட்சர் பந்தைப் பிடித்து இரண்டாம் பேஸுக்கு எறிந்து சேர்க்கச் சுமார் 2 நொடி எடுத்துக்கொள்கிறார். பெரிய குழியில் பந்தைத் தேடினால் அந்தக் கணக்கு கெட்டுவிடும்.

ஒரு கடை, மூன்று கிளவுஸ், ஒரு பையன்

போன வசந்தத்தில் நண்பர் ஒருவர் மகனோடு கடைக்கு வந்தார். பன்னிரண்டு வயது, வலக்கையால் எறிகிறவன். அதிகம் நிற்பது செகண்ட் பேஸ், சில ஆட்டங்களில் சென்டர் ஃபீல்ட், பயிற்சியாளர் இந்த வருஷம் கேட்சராகவும் முயற்சி செய்து பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார். பட்ஜெட் 150 டாலர்.

"அண்ணா, எல்லாத்துக்கும் சேர்த்து பன்னெண்டு இன்ச்சு ஒண்ணு எடுத்துட்டா ரெண்டு வருஷம் ஓடிடுமே?" என்றார்.

தப்பான கேள்வி இல்லை. எல்லா இடத்துக்கும் ஒரே கிளவுஸ் என்று கேட்டால் கடைக்காரரும் 11.75, 12 என்றுதான் எடுத்துக் காட்டுவார். எந்த இடத்தில் நிற்பான் என்றே தெரியாத பிள்ளைக்கு அது சரியான நடுவழியும்கூட. ஆனால் இவனுக்கு இடம் தெரிந்திருக்கிறது. மூன்று கிளவுஸை மாட்டிப் பார்ப்போம் என்றேன்.

முதலில் 12. கையை நேரே நீட்டி உள்ளங்கை மேலே பார்க்கும்படி பிடிக்கச் சொன்னேன். நுனி மெல்லக் கீழே சாய்ந்தது. மணிக்கட்டு தாங்கவில்லை என்று அர்த்தம். கட்டை விரல் பக்கமும் சுண்டு விரல் பக்கமும் ஒன்றையொன்று தொடும்படி மூடச் சொன்னேன். மறு கையின் உதவி இல்லாமல் முக்கால்வாசிதான் மூட முடிந்தது. பிறகு கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி பந்தைப் பாக்கெட்டில் போட்டேன். எடுத்துக் காதோரம் கொண்டுவந்து எறிவதுபோல நிற்க வேண்டும், அவ்வளவுதான். முதல் தடவை விரல் பந்துக்குப் பதிலாக வெப்பின் தோல்வாரைப் பிடித்து இழுத்தது. அவனே சிரித்துவிட்டான்.

அடுத்து 11.25. மூடுவது சுலபம், பந்து உடனே கைக்கு வந்தது. ஆனால் சென்டர் ஃபீல்டுக்குப் போனால் எட்டாது, ஒரு வருஷத்தில் கையும் அதை மீறிவிடும். மூன்றாவதாக 11.5 ஐ-வெப். நுனி சாயவில்லை, மூடியது, கண்ணை மூடிக்கொண்டு எடுத்தபோது விரல் நேரே பந்தில் உட்கார்ந்தது. "இதுல பந்து எங்க இருக்குன்னு தெரியுது அங்கிள்" என்றான். அவனுடைய அந்த வாக்கியத்துக்கு மேல் நான் சொல்ல எதுவும் இல்லை.

சென்டர் ஃபீல்டில் 11.5 போட்டு ஆடினால் எப்போதாவது ஒரு பந்து நுனியில் தப்பலாம். ஆனால் செகண்ட் பேஸில் ஒவ்வொரு ஆட்டத்திலும் பலமுறை பந்தைக் கை மாற்ற வேண்டியிருக்கும். அடிக்கடி நடப்பதற்குத்தான் காசு போக வேண்டும். அவர்கள் லீக் மைதானத்தில் பேஸுக்குப் பேஸ் 60 அடிதான் என்பதும் சேர்ந்தது. தூரம் குறைவு, ரன்னர் சீக்கிரம் வந்துவிடுவான், அவுட்ஃபீல்டும் அவ்வளவு பரந்ததில்லை.

கேட்சர் விஷயத்தில் பேரமே கிடையாது. லிட்டில் லீக் விதியே கேட்சர் கேட்சர் மிட்தான் போட வேண்டும் என்கிறது, சாதாரண கிளவுஸோ முதல் பேஸ் மிட்டோ செல்லாது. ஆனால் அதற்காக இப்போதே வாங்க வேண்டாம் என்றேன். ஹெல்மெட், மார்புக் கவசம், காலுக்கான கவசம் என்று பல லீக்குகள் அணிக்கு ஒரு கேட்சர் செட் தருகின்றன, பலவற்றில் மிட்டும் சேர்ந்தே இருக்கும். பயிற்சியாளரிடம் கேட்டதில் இவர்களுக்கும் இருந்தது. கொஞ்ச ஆட்டங்கள் அதில் ஆடட்டும், குனிந்து குனிந்து முட்டி வலித்த பிறகும் கேட்சராக நிற்க ஆசை இருந்தால் 32.5 ஒன்று பார்த்துக்கொள்ளலாம்.

அப்புறம் தோல். அதே 11.5-இல் இருநூற்றைம்பது டாலருக்கு மேல் ஸ்டியர்ஹைட் கிளவுஸ் இருந்தது. பெரியவர்கள் வருஷக்கணக்கில் போடும் தடித்த தோல் அது. பையன் அதை மூடவே முடியாமல் பலகையைப் பிடித்ததுபோல நின்றான். நாங்கள் எடுத்தது நூறு டாலருக்குச் சற்று மேல் போன, கொஞ்சம் இளகிய பசுத்தோல். இரண்டு சீசனில் தளர்ந்துவிடும்தான், ஆனால் இரண்டு சீசனில் அவனுக்கு வேறு அளவு தேவைப்படும். நாற்பது டாலருக்குக் கிடைக்கும் ரெக்சின் கலந்தவை ஆறேழு வயதுக்குப் போதும், பன்னிரண்டு வயதில் வருகிற வேகத்துக்கு மடங்கிப் போகும்.

வீட்டுக்குப் போய்ப் பழக்கும் முறையையும் சொல்லிவிட்டேன். தினமும் பந்து எறிந்து பிடிப்பதுதான் முதல் வழி. கூடவே மரச் சுத்தியலால் பாக்கெட்டில் தட்டலாம். இன்ஃபீல்ட் கிளவுஸை ஹீலின் இரண்டு பக்கமும் வளைத்து, கட்டை விரலும் சுண்டு விரலும் சந்திக்கும்படி மடக்க வேண்டும். கட்டை விரல் நடு விரலோடு சேரும்படி மடக்கினால் பாக்கெட் ஒடுங்கி ஆழமாகிவிடும், 11.5 வாங்கியதே வீண். ஓவனில் வைத்துச் சூடாக்குவது, மைக்ரோவேவ், வாளித் தண்ணீரில் ஊறவைப்பது எல்லாம் இணையத்தில் உலவும். சூடு தோலின் எண்ணெய்ப் பசையை உறிஞ்சி, தோல்வாரைச் சுருக்கி வெடிக்க வைக்கும். எண்ணெய் போடுவதும் மெல்லிய ஒரு பூச்சோடு நிற்க வேண்டும். நிறையப் போட்டால் கிளவுஸ் கனத்து, துவண்டு தொங்கும்.

ஆன்லைனில் வாங்குகிறவர்கள் இரண்டு விஷயத்தைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். RHT என்று போட்டிருந்தால் வலக்கையால் எறிகிறவருக்கு என்று பொருள். அதாவது கிளவுஸ் இடக்கையில் மாட்டுவது. LHT அதற்கு நேர் எதிர். வலக்கைக்காரன் என்பதால் வலக்கையில் மாட்டுவது வேண்டும் என்று நினைத்து ஆர்டர் செய்து திருப்பி அனுப்புகிறவர்கள் வருஷா வருஷம் இருக்கிறார்கள். இடக்கையால் எறிகிற பிள்ளைக்கு இன்ஃபீல்ட் கிளவுஸும் கேட்சர் மிட்டும் கடையில் கிடைப்பதே அரிது. அவர்கள் பெரும்பாலும் நிற்பது முதல் பேஸ், அவுட்ஃபீல்ட், பிட்சர் என்பதால் கம்பெனிகளும் அவற்றைத்தான் அதிகம் செய்கின்றன. அடுத்தது, பழைய கிளவுஸ் மலிவாகக் கிடைக்கும்போது அது சாஃப்ட்பாலுக்குச் செய்ததா என்று பார்க்க வேண்டும். சாஃப்ட்பாலின் சுற்றளவு 12 இன்ச், பேஸ்பாலுக்கு 9 சொச்சம்தான். அந்தப் பெரிய பந்துக்காக வெட்டிய பாக்கெட்டில் பேஸ்பால் உள்ளே போய் ஒளிந்துகொள்ளும். விற்பவர் 12 இன்ச் என்று மட்டும் எழுதியிருந்தால், எந்தப் பந்துக்கு என்று ஒரு வரி கேட்டுவிட்டுப் பணம் அனுப்புங்கள்.